ஞாயிற்றுக்கிழமைக் காலையின் அவசரம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. பெசன்ட் நகரில் ஒரு காபி. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்றுதான் இருவரும் வந்தார்கள். அவளுக்கு 29 வயது, ஓ.எம்.ஆரில் வேலை. அவனுக்கு 31, சொந்த ஊர் திருச்சி, கிண்டியில் வேலை. டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமானவர்கள். சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று நான் உண்டாக்கிய ஜோடிதான் இது. ஆனால் இவர்களைப் போன்ற யாரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

காபி முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். சுண்டல் வாங்கினார்கள். அப்புறம் பசித்தது, சாப்பிடப் போனார்கள். அவள் அப்பாவோடு பேசாமல் இருந்த வருடத்தைச் சொன்னாள். அவன் பத்தாவதில் ஃபெயிலானதைச் சொன்னான். அதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லையாம். நடுவில் எப்போது ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. பத்தரை மணிக்கு அவள் ஆட்டோ ஏறியபோது, இவனைப் பல வருடமாகத் தெரியும் என்றே தோன்றியது.

ஞாயிறு காலை எழுந்தவுடன் அவள் அவனுடைய இன்ஸ்டாகிராமில் 2017 வரைக்கும் போய்ப் பார்த்தாள். தோழிக்கு ‘கிடைச்சுட்டான்டி’ என்று செய்தி போட்டாள். அன்று முழுக்க வாட்ஸ்அப். இரவு ஒன்றரை மணிக்குத்தான் போனைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை இருவரும் செயலியை அழித்தார்கள். புதன்கிழமை லைவ் லொகேஷன் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த வார இறுதிக்குப் பாண்டிச்சேரி என்று பேச்சு வந்தது. பதினோராவது நாள் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘எந்த ஊருப் பொண்ணு?’

இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று நடந்தது, அதற்கு அடுத்தது தானாக வந்தது. முதல் சந்திப்பு அருமையாக அமைந்துவிட்டால் வரும் சிக்கல் இதுதான். மோசமான முதல் சந்திப்பில் எந்தக் கஷ்டமும் இல்லை, பில்லைப் பகிர்ந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். நல்ல சந்திப்பு ஒன்று முடிந்த பின் வரும் பத்துப் பதினைந்து நாட்களில்தான் மனிதர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் அந்த மாலை என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்று பார்த்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவரது குழுவினரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். 36 கேள்விகளை மூன்று கட்டுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் கட்டில் மேலோட்டமான கேள்விகள். போகப் போக ஆழம் கூடும்: அம்மாவோடு உறவு எப்படி, கடைசியாக எப்போது இன்னொருவர் முன்னால் அழுதீர்கள் என்று. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவரும் சொல்ல வேண்டும். கட்டுக்குப் பதினைந்து நிமிடம், மொத்தம் முக்கால் மணி நேரம். வெறும் ஊர்க்கதை பேசிய ஜோடிகளை விட இந்த ஜோடிகள் மிக அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள்.

பின்னாளில் இந்தக் கேள்விகள் ‘காதல் வரவழைக்கும் 36 கேள்விகள்’ என்று உலகம் சுற்றின. ஆனால் ஆரன் குழு காதல் மருந்து தேடவில்லை. ஆய்வுக்கூடத்தில் நெருக்கத்தை உண்டாக்கிப் பார்க்க ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விசுவாசம், ஒருவரை ஒருவர் சார்ந்திருத்தல், கடைசிவரை நிற்கும் உறுதி போன்றவை இந்த முறையில் வந்துவிடும் என்று தோன்றவில்லை, அவற்றுக்குக் காலம் தேவைப்படலாம் என்று அவர்களே எழுதிவைத்தார்கள்.

பெசன்ட் நகரில் நடந்தது கேள்வித்தாள் இல்லாத அதே ஆய்வு. அவள் ஒன்றைத் திறந்தாள், அவன் ஒன்றைத் திறந்தான். ஐந்தரை மணி நேரம். நெருக்கம் வராமல் இருந்தால்தான் வியப்பு. அந்த உணர்வு பொய்யில்லை. இருவராலும் மனம்விட்டுப் பேச முடிகிறது, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பிடிக்கிறது, உடம்புக்கும் பிடிக்கிறது. இவையெல்லாம் உண்மையான செய்திகள். இவை இல்லாமல் எதுவும் தொடங்காது. ஆனால் சொன்ன வாக்கை அவன் காப்பாற்றுவானா, கோபம் வந்தால் அவள் எப்படி இருப்பாள், யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது, இரண்டு வருடத்தில் யார் எந்த நாட்டில் இருக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் அந்த மாலை தொடவே இல்லை. தொட்டிருக்கவும் முடியாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பசியில்லாமல், நேரத்துக்கு வந்த இரண்டு பேர் அவர்கள்.

இந்த இடத்தை அடைக்கும் வேலையைத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்துக்கொள்கிறது. எழுத்தில் பேசும்போது மனிதர்கள் நேரில் இருப்பதை விடவும் நெருங்கிவிட முடியும் என்று தகவல் தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-இல் விளக்கினார். காரணம் எளியது. எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. நன்றாக வந்ததை மட்டும் அனுப்புகிறார். படிக்கிறவருக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை. இல்லாததைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார். நிரப்பிக்கொண்ட ஆளுக்கு அன்பாகப் பதில் எழுதுகிறார். அந்த அன்பைப் பார்த்து எதிரில் இருப்பவரும் இன்னும் நல்லவராகிறார். இரவு ஒன்றரை மணிக்குள் இப்படி எத்தனை சுற்று ஓடியிருக்கும்! புதன்கிழமைக்குள் அவள் பேசிக்கொண்டிருப்பது பாதி அவனோடும் பாதி அவளே வரைந்துகொண்ட ஒருவனோடும்தான். அவனுக்கும் அதே கதை.

இதில் இன்னொரு விஷயம். டோரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டுத் தொகுத்து, 1979-இல் காதல் பித்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இந்தப் பித்தை வளர்ப்பதற்கு இரண்டு வேண்டும் என்பது அவர் கண்டது: கொஞ்சம் நம்பிக்கை, கொஞ்சம் நிச்சயமின்மை. வாட்ஸ்அப்பில் இரண்டும் தாராளம். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. ஆன்லைனில் இருக்கிறான், எனக்கு எழுதவில்லை. பிறகு ‘மீட்டிங்ல இருந்தேன்’ என்று வந்ததும் உயிர் திரும்புகிறது. அந்த நிம்மதியை அன்பின் ஆழம் என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

அதனால்தான் ‘மெதுவாகப் போ’ என்று அறிவுரை சொல்பவர்கள் பாதிப் பேர் தவறான மருந்தைத் தருகிறார்கள். உடனே பதில் போடாதே, மூணு நாள் காய விடு, ஏங்கட்டும் என்பார்கள். அது வேலை செய்யும். அதுதான் அதில் கோளாறு. 2011-இல் விட்சர்ச், வில்சன், கில்பர்ட் ஆகிய மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவிகள் சிலரிடம் சில ஆண்களின் ஃபேஸ்புக் பக்கங்களைக் காட்டினார்கள். இவர்களுக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது என்று ஒரு குழுவிடமும், ஓரளவு பிடித்திருக்கிறது என்று இன்னொரு குழுவிடமும், ரொம்பவா ஓரளவா என்று தெரியாது என்று மூன்றாவது குழுவிடமும் சொன்னார்கள். மூன்றாவது குழுதான் அந்த ஆண்களைப் பற்றி அதிகமாக நினைத்தது, அதிகமாக ஈர்க்கப்பட்டது. 47 பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் காத்திருந்து ஏங்கிய எவரும் இதை மறுக்க மாட்டார்கள். எனவே பதிலை வேண்டுமென்றே தாமதிப்பது வேகத்தைக் குறைக்காது. எதிராளியின் தலைக்குள் ஓட்டத்தைக் கூட்டிவிடும். உங்கள் தலைக்குள்ளும்தான்.

உண்மையிலேயே வேகம் குறைய வேண்டுமென்றால் முதலில் நிச்சயமின்மையை எடுத்துவிட வேண்டும். இது கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஞாயிறு காலையே நேராகச் சொல்லிவிடுவது: ‘நேத்து ரொம்ப நல்லா இருந்தது. மறுபடி பார்க்கணும். வர்ற சனிக்கிழமை காலையில உனக்கு வசதியா?’ இவ்வளவுதான். பிடித்திருக்கிறதா இல்லையா என்ற கேள்வி தீர்ந்தது. அடுத்த சந்திப்புக்கு நாளும் நேரமும் ஆகிவிட்டது. இனி ஒவ்வொரு மெசேஜையும் சகுனம் பார்ப்பது போலப் பார்க்க வேண்டியதில்லை. வாரத்தின் நடுவில் ஒரு ஜோக், ஒரு போட்டோ, ஒரு பத்து நிமிடப் பேச்சு போதும். அப்பாவைப் பற்றிய பெரிய கதைகள், பழைய காதல், அழுகை இவற்றை நேரில் பார்க்கும்போது சொல்ல வைத்துக்கொள்ளலாம். இரவு பதினொன்றுக்கு மேல் எதையும் தட்டச்சு செய்யாமல் இருந்தாலே பாதி வேகம் குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அந்த நேரத்தில் நாம் எழுதுவதைக் காலையில் நாமே படிக்க விரும்புவதில்லை.

சரி, எவ்வளவு மெதுவாக? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் நட்பைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். காதலுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, காதலின் வேகம் வேறு. ஆனாலும் ஒரு அளவுகோலாக வைத்துப் பாருங்கள். முதல் மாலை ஐந்தரை மணி நேரம். அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை, முறைக்கு மூன்று மணி நேரம் என்றால், 50-ஐத் தொட ஏழெட்டு வாரம் ஆகும். அப்போதுதான் சாதாரண நண்பர் அளவுக்கு ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். நம் ஜோடி பதினோராவது நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது.

நம் வீடுகளில் இந்த வேலையை வேறு ஒரு ஏற்பாடு செய்துவந்தது. பெண் பார்க்கும் சடங்கில் பையனும் பெண்ணும் பேசுவது பத்து நிமிடம், அதுவும் மொட்டை மாடியில். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் விசாரிப்பு நடக்கும். மாமா பையன் வேலை பார்க்கும் ஆபீஸில் யாரையாவது பிடிப்பார். சித்தி அந்தத் தெருவில் இருக்கும் யாருக்காவது போன் போடுவார். குடிக்கிறானா, கடன் இருக்கிறதா, முன்னால் நிச்சயமாகி நின்றதா, மாமியார் எப்படி. அந்த விசாரிப்பில் சாதியும் புறணியும் அந்தஸ்துக் கணக்கும் கலந்திருந்தன. அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. பெண்ணிடம் கேட்க வேண்டியதை ஊரிடம் கேட்டார்கள். ஆனால் ஒரு மனிதனைப் பற்றி அவன் வாயால் வராத செய்திகளும் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்திருந்தது. டேட்டிங்கில் விசாரிக்க ஆளில்லை. எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றித் தானே சொல்கிறார்; நாமும் அப்படியே. மாமாவும் சித்தியும் செய்த வேலையை இங்கே நாட்கள்தான் செய்ய வேண்டும்.

நாட்களுக்கு உதவியாக, சந்திப்புகள் ஒன்றுபோல இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாயம் மறுபடியும் வேண்டும் என்று அதே கடற்கரை, அதே மாலை, அதே சுண்டல் என்று போனால் அதே இருவரைத்தான் பார்ப்போம். இரண்டாவது சந்திப்பு பகலில், சின்னதாக, கையில் ஏதாவது வேலையோடு இருக்கட்டும். அவளுக்கு ரிச்சி தெருவில் லேப்டாப் சரிபண்ண வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நெரிசலுக்குள் இருவரும் போகட்டும். வெயில், பார்க்கிங் கிடைக்கவில்லை, கடைக்காரர் நாளைக்கு வா என்கிறார். பத்து நிமிடத்தில் ஆள் தெரிந்துவிடும். ஆட்டோக்காரரிடம் அவன் எப்படிப் பேசுகிறான். அவள் பொறுமை எங்கே முடிகிறது. தவறு யார்மீது என்று யார் முதலில் தேடுகிறார்கள்.

மூன்றாவது, நான்காவது சந்திப்பில் ஒரு ‘இல்லை’யாவது வரட்டும். நாடகமாக இல்லாமல், இயல்பாக: ‘இந்த வாரம் முடியாது, அக்கா ஊருலேர்ந்து வர்றாங்க.’ மறுப்பைக் கேட்டவுடன் ஒருவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை எந்தக் கேள்வித்தாளும் காட்டாது. இன்னொன்று, சின்ன வாக்குகள். ‘அந்தப் புத்தகம் கொண்டுவர்றேன்’, ‘டாக்டர் நம்பர் அனுப்பறேன்’ என்று முதல் மாலை சொன்னவை இரண்டு வாரத்தில் என்ன ஆயின? பெரிய வாக்குறுதிகளைச் சோதிக்க வருடங்கள் ஆகும். சின்னவை அந்த வாரமே தெரிந்துவிடும்.

இப்போது வேகத்தின் ஆபத்தான பாகத்துக்கு வரலாம். டென்வர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஸ்டான்லி, கலேனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் மூவரும், திருமணத்துக்கு முன் சேர்ந்து வாழத் தொடங்குபவர்களைப் பற்றி 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறைய ஜோடிகள் முடிவெடுத்துச் சேர்வதில்லை, சறுக்கிச் சேர்ந்துவிடுகின்றன என்பது அதன் சாரம். நாலு நாள் அங்கே தங்கினாள், பிறகு துணிகள் அங்கேயே இருந்தன, பிறகு இரண்டு வாடகை எதற்கு என்று ஆனது. சறுக்கியது தெரியவே இல்லை. திரும்பி ஏறும்போதுதான் தெரிகிறது. பிரிய வேண்டியவர்கள் பிரிவது கடினம் என்பதாலேயே தொடர்ந்து, கடைசியில் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள்.

இதைச் சென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வீட்டுக்குப் பல மாத வாடகை அட்வான்ஸ். பதினோரு மாத ஒப்பந்தம். கல்யாணமாகாத ஜோடி என்றால் வீடு கிடைப்பதே பாடு; அதனால் ஹவுஸ் ஓனரிடம் சொன்ன பொய் ஒன்று. இத்தனைக்குப் பிறகு மூன்றாவது மாதத்தில் ‘இது சரிவராது’ என்று தோன்றினால், அதை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

அதனால் மெதுவாகப் போவது என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தள்ளிப்போடுவது என்று அர்த்தமில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: அடுத்த மாதம் இது வேண்டாம் என்று தோன்றினால், இதைத் திருப்பி எடுக்க என்ன செலவாகும்? இரண்டாவது காபிக்கு ஒரு செலவும் இல்லை. ஆசையாகப் பேசுவதற்கும், கைகோத்து நடப்பதற்கும் கொஞ்சம் மனவருத்தம் ஆகலாம், தாங்கலாம். அந்தரங்கப் படம் ஒன்றை அனுப்பிவிட்டால் அதைத் திருப்பி எடுக்கவே முடியாது. லைவ் லொகேஷனை நிறுத்துவது ஒரு பொத்தான்தான், ஆனால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடன் கொடுத்தால் பணத்தோடு உறவும் கணக்காகிவிடும். அப்பா அம்மாவிடம் சொன்னால், நம் ஊரில், அது இரண்டு குடும்பங்களின் விஷயம். உடல் நெருக்கத்தைப் பொறுத்தவரை எத்தனையாவது சந்திப்பில் என்று விதி எழுத எனக்கு உரிமையில்லை. அவரவர் மனமும் உடலும். ஆனால் அந்த முடிவை அந்தச் சமயத்தில் எடுக்காமல், பகலில், தனியாக இருக்கும்போது எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. பாண்டிச்சேரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியதைப் போய் இறங்கிய பிறகு யோசிப்பதில் அர்த்தமில்லை.

நம் ஜோடியையே மறுபடி எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அவன் கேட்கிறான்: ‘வீக்கெண்ட் பாண்டி போலாமா? ரெண்டு நாள்.’ அவளுக்கு ஆசைதான். அதை மறைக்காமல் இப்படிச் சொல்கிறாள்: ‘போகணும்னு ஆசையா இருக்கு. ஆனா எனக்கு உன்னை இன்னும் கொஞ்சம் தெரியணும். இப்போதைக்கு சனிக்கிழமை காலையில ரிச்சி ஸ்ட்ரீட் வா, அப்புறம் சாப்பிடலாம். பாண்டி அடுத்த மாசம் பேசலாம்.’

இந்த ஒரு பதிலுக்கு வரும் எதிர்வினை, முதல் மாலை முழுவதையும் விட அதிகம் சொல்லும். ‘ஓ சரி, எனக்கும் கொஞ்சம் அவசரமாத்தான் பட்டுச்சு’ என்று அவன் சிரிக்கலாம். அல்லது கொஞ்சம் வாடிப்போய், ‘ஏன், நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?’ என்று கேட்கலாம். அதுவும் மனிதக் குணம்தான், ஒரு பதிலில் தெளிந்துவிடும். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ‘நான் உனக்காக எல்லாம் விட்டுட்டு வர்றேன், நீ கணக்குப் பார்க்கறியா?’ பிறகு மௌனம். பிறகு ஆபீஸுக்கே பெரிய பூங்கொத்து. பிறகு ஒரு நாளைக்கு இருபது போன். ஆர்வக்கோளாறுக்கும் நெருக்கடிக்கும் வித்தியாசம் இங்கேதான். வெறும் ஆர்வத்தில் ஓடுகிறவர் சொன்னால் நிற்பார், சங்கடத்தோடாவது. மற்றவர் நிறுத்தச் சொன்னால் வேகத்தைக் கூட்டுவார்.

மோசடிக்காரர்களும் இந்த வேகத்தில்தான் வாழ்கிறார்கள். பார்த்த வாரத்திலேயே, பல சமயம் நேரில் பார்க்காமலேயே, கல்யாணப் பேச்சு. அடுத்து ஒரு முதலீட்டுச் செயலி, அல்லது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்ட பரிசுப் பொட்டலம். மெதுவாகப் போகலாம் என்று சொல்லும் ஆளை அவர்களால் தாங்க முடியாது. அடுத்த இரைக்குப் போய்விடுவார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தனியாக இருந்துகொண்டு இவ்வளவையும் கவனிப்பது கஷ்டம். பித்தில் இருப்பவருக்குத் தன் பித்து தெரியாது. அகப்பாடல்களில் இதற்கென்றே ஒருத்தி இருந்தாள்: தோழி. தலைவியைப் பார்க்க வரும் தலைவனை உடனே உள்ளே விடாமல் இன்று போய் நாளை வா என்று அலைய விடுவதைச் ‘சேட்படை’ என்று இலக்கணக்காரர்கள் தனித் துறையாகவே வைத்தார்கள். குறுந்தொகையின் முதல் பாட்டே தோழி கையுறை மறுப்பதுதான். அவன் ஆசையாகக் கொண்டுவந்த காந்தள் பூவை, எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறது என்று திருப்பிவிடுகிறாள். அவளுக்குத் தலைவன்மேல் விரோதம் கிடையாது. அவன் திரும்பி வருவானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு காலை ‘கிடைச்சுட்டான்டி’ என்று செய்தி வாங்கிய தோழிக்கும் இந்த வேலைதான் இருக்கிறது. ஆனால் இன்றைய தோழிகள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட் பார்த்து உருகிவிடுகிறார்கள். அவளிடம் கேட்க வேண்டியது ‘ஆள் எப்படி?’ என்பதை விட, ‘நான் எப்படி இருக்கேன்?’ என்பதுதான். தூங்குகிறேனா, வேலை பார்க்கிறேனா, வெள்ளிக்கிழமைகளில் உங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேனா. புதிதாக வந்தவருக்காகப் பழையவர்களையெல்லாம் ஒரே வாரத்தில் விட்டுவிட்டால், விசாரிக்க இருந்த கடைசி ஆளும் போய்விடும். நான்காவது, ஐந்தாவது சந்திப்புக்குப் பிறகு நண்பர்கள் நடுவில் ஒருமுறை அவனை உட்கார வைத்துப் பார்ப்பது நல்ல யோசனை. தனியாக இருக்கும்போது அழகாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் பத்துப் பேர் நடுவில் அப்படி இருப்பதில்லை.

மேட்ரிமோனி வழியாகச் சந்திப்பவர்களுக்கு இவ்வளவு இடம் கிடைக்காது என்பது தெரியும். முதல் சந்திப்பு நன்றாக இருந்தது என்று வீட்டில் வாய் திறந்தால் போதும், சாயங்காலமே தேதி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே நாட்களை வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும்: ‘பிடிச்சிருக்கும்மா. ஆனா இன்னும் நாலு தடவை பார்த்துப் பேசிட்டுச் சொல்றேன். தை பொறக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.’ எண்ணும் கெடுவும் சேர்த்துச் சொன்னால் வீட்டார் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். கெடு இல்லாமல் ‘டைம் கொடுங்க’ என்றால் அது அவர்களுக்கு ‘பிடிக்கவில்லை’ என்றே கேட்கும். அந்த நான்கு சந்திப்புகளில் ஒன்றாவது சம்பளம், கடன், பெற்றோருக்கு அனுப்பும் பணம், வெளிநாட்டு யோசனை, குழந்தை பற்றிய பேச்சாக இருக்க வேண்டும். சுவாரசியம் குறைவான பேச்சுதான். முதல் மாலையில் இதைப் பேசியிருந்தால் அந்த மாலை அப்படி இருந்திருக்காது.

கெடு டேட்டிங்கில் இருப்பவர்களுக்கும் வேண்டும். மெதுவாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதம், எட்டு மாதம் ஒருவரைக் காபிக் கடையிலேயே உட்கார வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது நிதானம் இல்லை, முடிவெடுக்காமல் இருப்பதன் இன்னொரு வடிவம்; எதிரில் இருப்பவரின் வயதையும் நேரத்தையும் தின்னும். இரண்டு மூன்று மாதம், வாரத்துக்கு ஒன்றிரண்டு சந்திப்பு, அதற்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து தொடரலாமா என்று வாய்விட்டுப் பேசுவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பெசன்ட் நகர் ஜோடிக்கு இப்படிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவன் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்திருப்பான், சொல்லாமல். அவள் கோபத்தில் பேசாமலேயே உட்கார்ந்திருப்பாள். ஐந்தாவது வாரத்தில் கனடாவுக்கு விண்ணப்பித்திருப்பதை அவன் சொல்லியிருப்பான். அம்மாவை விட்டுவிட்டு அவளால் ஊரைத் தாண்ட முடியாது என்பதை அவள் சொல்லியிருப்பாள். அவன் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடலாம், அவள் அண்ணனோடு பேசிப் பார்க்கலாம், அல்லது இருவரும் நல்லபடியாக விலகலாம். மூன்றில் எதுவானாலும், அதைப் பேசும்போது பாண்டிச்சேரிப் புகைப்படங்களும் வீட்டு அட்வான்ஸும் இரண்டு அம்மாக்களும் அந்த மேஜையில் இருக்க மாட்டார்கள்.